கணக்கு உதைக்கும்போது

பெங்களூர் கன்டோன்மென்ட்டின் பழைய குடியிருப்புகளில் ஒன்று ரிச்சர்ட்ஸ் டவுன். பக்கத்தில் ஃப்ரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன். தெருவில் இறங்கினால் தமிழும் கன்னடமும் உருதுவும் ஆங்கிலமும் கலந்து காதில் விழும் பகுதி இது. இங்கே பூங்காவில் காலை நடைக்கு வரும் பெரியவர்களில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் இருந்தால், அவர்களில் சிலரிடம் எந்த வங்கி என்று கேட்டால் அது இப்போது இல்லை என்ற பதில்தான் வரும். ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் 2017இல் ஸ்டேட் பேங்க்கில் கரைந்துவிட்டது. விஜயா வங்கி 2019இல் பேங்க் ஆஃப் பரோடாவில் சேர்ந்துவிட்டது. இரண்டுக்கும் தலைமை அலுவலகம் பெங்களூரில்தான் இருந்தது.

வங்கி மட்டுமல்ல, அவர்கள் பார்த்த வேலையின் பெயரும் போய்விட்டது. லெட்ஜர் கீப்பர் என்று இப்போது யாரும் இல்லை. கிளார்க் என்ற சொல்லையே கைவிட்டு, 2024 ஊதிய ஒப்பந்தத்தில் 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த லெட்ஜர் கீப்பர் கற்றிருந்த வித்தை என்ன, அதற்கு இன்னும் விலை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

கையால் எழுதிய காலத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் லெட்ஜரில் ஒரு பக்கம் இருக்கும். எல்லாப் பக்கங்களின் இருப்பையும் கூட்டினால் வரும் தொகை, பொதுப் பேரேட்டில் தனியாக எழுதப்பட்ட மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். இதற்குப் பெயர் பேலன்சிங். ஒத்துப்போகாவிட்டால் யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது.

கூட்டிப் பார்த்ததில் லெட்ஜர் மொத்தம் 3,600 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவர் முதல் வவுச்சரிலிருந்து தேட ஆரம்பிப்பார். அனுபவசாலி முதலில் அந்த எண்ணை 9ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் 400 வருகிறது. அப்படியென்றால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். ஓர் இலக்கம் பக்கத்து இடத்துக்கு நகர்ந்தால் அதன் மதிப்பு பத்து மடங்காகும், அல்லது பத்தில் ஒன்றாகும். பத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் 9. ஆகவே அந்தப் பிழை எப்போதும் 9ஆல் வகுபடும்.

400 என்ற விடை இன்னும் ஒன்றைச் சொல்கிறது. இடம் மாறியவை ஆயிரம், நூறு இடங்களில் உள்ள இலக்கங்கள்; அவற்றுக்கிடையே வித்தியாசம் 4. அதாவது 8,420 என்பது 4,820 ஆகியிருக்கலாம். 6,215 என்பது 2,615 ஆகியிருக்கலாம். இருநூறு வவுச்சர்களையும் சரிபார்க்க வேண்டியதில்லை. ஆயிர இலக்கம் நூறு இலக்கத்தைவிட 4 அதிகமாக உள்ளவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் போதும். ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடலாம்.

அதோடு முடிந்ததா? 4,000 ரூபாயை ஒரு பூஜ்யம் விட்டு 400 என்று எழுதினாலும் 3,600தான் குறையும். 1,800 ரூபாய் வரவைத் தவறிப் பற்றில் எழுதினால் குறைவது இரு மடங்கு, அதுவும் 3,600. ஆகவே வித்தியாசத்தைப் பாதியாக்கி, 1,800க்கு ஒரு வவுச்சர் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மூன்று சந்தேக நபர்கள். எதை முதலில் விசாரிப்பது என்பது அந்த லெட்ஜரை எழுதியவரின் கைப்பழக்கம் தெரிந்தவருக்கே தெரியும்.

இந்த வித்தைக்கு எல்லைகளும் உண்டு. எந்த எண்ணும் ஒன்பதில் ஒரு முறை தற்செயலாகவே 9ஆல் வகுபடும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டினால் வித்தியாசமே தெரியாது. ராமசாமி கட்டிய பணம் ராமமூர்த்தி பக்கத்தில் ஏறினால் மொத்தம் கச்சிதமாக டாலி ஆகும். கணக்கு ஒத்துப்போவதும் கணக்கு சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை ஊழியர்கள் இப்படித்தான் கற்றார்கள்.

பிழை பிடிபட்ட பிறகு அதை எழுதி வைக்க வேண்டும். 'சிறு வித்தியாசம் காணப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதுபவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து வரும் ஆடிட்டருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உருப்படியான குறிப்பு இப்படி இருக்கும்: '12ஆம் தேதி வவுச்சர் 47, தொகை ரூ. 8,420. லெட்ஜரில் 4,820 என்று பதிவாகியுள்ளது. 15ஆம் தேதி திருத்தப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் இந்தக் கணக்கின் காசோலை எதுவும் திரும்பவில்லை.' கடைசி வாக்கியம்தான் முக்கியம். பிழையால் வாடிக்கையாளருக்குப் பாதிப்பு உண்டா என்று படிப்பவர் கேட்பதற்கு முன்பே எழுதியவர் யோசித்திருக்கிறார்.

1983இல் வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் இயந்திரமயமாக்கலுக்கு ஒப்பந்தம் போட்டன. 1984இல் ரங்கராஜன் குழு அறிக்கை வந்தது. 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். அதே பெங்களூரில் இன்ஃபோசிஸ் தன் 'ஃபினாக்கிள்' வங்கி மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தது. அத்தகைய மென்பொருளைச் சோதிப்பவர் எழுதும் பிழை அறிக்கையில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: என்ன செய்தோம், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது. வவுச்சர் 47 பற்றிய குறிப்பும் இதே வடிவம்தான். வந்திருக்க வேண்டியது எது என்று சொல்ல, வட்டியும் வரவு பற்றும் தெரிந்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கூட்டலில் தவறாது. ஆனால் பதிவே ஆகாததை அது கூட்ட முடியாது. இதற்கு விலை கொடுத்தது பஞ்சாப் நேஷனல் வங்கி. 'நம் வாடிக்கையாளருக்குக் கடன் கொடுங்கள், அவர் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம்' என்று இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்பும் உறுதிக் கடிதங்கள், அதன் மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து 'ஸ்விஃப்ட்' செய்தி வழியாகப் போயின. ஸ்விஃப்ட் வங்கியின் மையக் கணக்கோடு இணைக்கப்படவில்லை. செய்தி போகும், புத்தகத்தில் ஏறாது. அதனால் தினசரிக் கணக்கு டாலி ஆகிக்கொண்டே இருந்தது.

2018 ஜனவரியில் நீரவ் மோடி சார்ந்த நிறுவனங்கள் மீண்டும் உறுதிக் கடிதம் கேட்டு வந்தன. கிளையில் இருந்தவர்கள் முழுத் தொகைக்கும் ரொக்க ஈடு வேண்டும் என்றார்கள். முன்பெல்லாம் அப்படிக் கேட்டதில்லையே என்று பதில் வந்தது. வாடிக்கையாளர் பெரியவர், முன்பும் கொடுத்திருக்கிறார்களாம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவது அந்த இடத்தில் எளிது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை; முன்பு கொடுத்ததற்கான பதிவைத் தேடினார்கள். புத்தகத்தில் எதுவும் இல்லை. ஜனவரி 29 அன்று வங்கி சி.பி.ஐ.க்கு எழுதிய புகாரில் தொகை சுமார் 280 கோடி ரூபாய். தோண்டத் தோண்ட அது 13,000 கோடியைத் தாண்டியது.

மார்ச் 13 அன்று ரிசர்வ் வங்கி இத்தகைய உறுதிக் கடிதங்களுக்கே தடை போட்டது. ஸ்விஃப்டை மையக் கணக்கோடு இணைக்க எல்லா வங்கிகளுக்கும் ஏப்ரல் 30 வரை கெடு விதித்தது. செய்திகளையும் கணக்கையும் ஒப்பிட்டு, ஒட்டாத பதிவுகளைப் பட்டியலாகத் துப்புவது இப்போது இயந்திரத்தின் வேலை. அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை வெறும் நேர வித்தியாசம். மறுநாள் தானாகச் சரியாகிவிடும். மறுநாளும் அப்படியே நிற்கும் வரிக்கு விளக்கம் எழுத யாரோ ஒருவர் உட்கார வேண்டியிருக்கிறது.