நாலே நொடி... உங்கள் சுவர் என்ன சொல்லும்?

எங்கள் ஊர் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர், மெயின் ரோட்டில் நண்பர் வீட்டு காம்பவுண்டு சுவரை விளம்பரத்துக்குப் பிடித்தார். சிமென்ட்டில் ஆரம்பித்து ஆணி வரை பதினொரு சரக்கு, மூன்று போன் நம்பர், ஓரத்தில் பிள்ளையார். எல்லாமே பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. பக்கத்தில் நின்று பார்த்தால் அழகுதான். ஆனால், ஆறு மாதத்தில் ‘சுவரைப் பார்த்துட்டு வந்தேன்’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மழையில் பெயின்ட் உரிந்ததும், ஆர்ட்டிஸ்ட்டை மறுபடி கூப்பிட்டார். இந்த முறை ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷை எடுக்கவில்லை. கடைக்காரரை ரோட்டுக்கு அழைத்துப் போனார்.

ரோட்டிலிருந்து கணக்கு

சுவர் 16 அடி நீளம், 8 அடி உயரம். பைக்கில் வருபவருக்கு அது 200 அடி தூரத்தில் கண்ணில் படுகிறது. 50 அடி நெருங்கியதும் பக்கவாட்டில் விலகிவிடுகிறது. இடையில் இருப்பது 150 அடி. 40 கி.மீ வேகத்தில் வந்தால், அதைக் கடக்க நாலே நொடி! அதற்குள் படிக்க முடிவது ஏழெட்டு வார்த்தைகள்தான்.

எழுத்தின் உயரத்துக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. சிரமமில்லாமல் படிக்க, 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் வேண்டும். 150 அடியிலிருந்து கடைப் பெயர் தெரிய வேண்டுமென்றால் எழுத்து குறைந்தது 15 அங்குலம் இருக்க வேண்டும். ஆர்ட்டிஸ்ட் 16 அங்குலம் வைத்தார்.

தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே புள்ளியும் சுழியும், கீழே ‘சு’, ‘பு’ போன்றவற்றின் வாலும் வரும். அதனால் வரிக்கு ஒன்றரை மடங்கு இடம் விட வேண்டும். 16 அங்குல எழுத்துக்கு 24 அங்குலம் ஒதுக்கினார். மண் தெறிக்கும், வண்டி நிற்கும் என்பதால் கீழே ஒன்றரை அடியையும், மேலே அரை அடியையும் சும்மா விட்டார். மிச்சம் 6 அடியில் நாலு வரி.

எதை வெட்டுவது?

இரண்டு பக்க ஓரம் போக, 15 அடி நீளம் கிடைத்தது. 16 அங்குல எழுத்தில் அதற்குள் பதினொரு எழுத்து அடங்கும். துணைக்கால், கொம்பு எல்லாம் தனி எழுத்தாக இடம் பிடிக்கும் என்பதால் ‘ஹார்டுவேர்ஸ்’ மட்டுமே எட்டு எழுத்தைத் தின்றுவிடும். கடைப் பெயரை நெருக்கி எழுதினால் எழுத்து ஒல்லியாகி, தூரத்தில் கோடு மாதிரி தெரியும்.

அதனால் முதல் வரியில் கடைப் பெயர் மட்டும். இரண்டாவது வரியில், 9 அங்குலத்தில், ‘ஹார்டுவேர்ஸ் - சிமென்ட், கம்பி’. வீடு கட்டுபவர் முதலில் தேடுவது இவை இரண்டையும்தான். கடைக்கு வந்தபின் ஆணியைத் தானாகக் கேட்பார். மூன்றாவது வரியில், 8 அங்குலத்தில், ‘பஸ் ஸ்டாண்டு எதிரில்’. கதவு எண்ணும் தெருப் பெயரும் ரோட்டில் போகிறவருக்கு உதவாது. இந்தச் சின்ன வரிகளைப் பக்கத்தில் வந்தபின் படித்தால் போதும்.

ஒரே நம்பர்

நாலாவது வரி போன் நம்பருக்கு. இலக்கங்களுக்குப் புள்ளியும் வாலும் இல்லாததால் 13 அங்குலம் தாராளமாக வைக்கலாம். பத்து இலக்கத்தையும் ஒட்டி எழுதாமல், ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் ஓர் இலக்க அளவு இடைவெளி விட்டால் மனதில் நிற்கும். சுவர் இரண்டு மூன்று வருஷம் நிற்கும் என்பதால், வேலையாளின் நம்பரைப் போடாமல் கடையிலேயே இருக்கும் நம்பரைப் போடுவது நல்லது.

நிறத்துக்கு போன் டெஸ்ட்

சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறம்தான். ஆனால், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு அடர்த்தி என்பதால் தூரத்தில் கலந்துவிடும். ஒன்று வெளிர் நிறம், இன்னொன்று அடர் நிறம் என்று இருக்க வேண்டும். மஞ்சளில் கறுப்பு, வெள்ளையில் கருநீலம் எடுபடும். சந்தேகம் இருந்தால், இரண்டு நிறத்தையும் சுவரில் கொஞ்சம் தீட்டி, போனில் படமெடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். சிவப்பு வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்பதால் கடைக்காரர் மஞ்சளில் கறுப்பைத் தேர்ந்தெடுத்தார்.

பழைய சுண்ணாம்பின் மேல் அடித்ததால்தான் முதல் விளம்பரம் உரிந்தது. இந்த முறை அதைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காய்ந்தபின் வெளிச்சுவருக்கான எமல்ஷன் அடித்தார்கள்.

பிறகு நூல் அடித்து, சாக்பீஸால் எழுத்தை வரைந்ததும், ஆர்ட்டிஸ்ட் ஒரு வேலை சொன்னார். கடைக்காரர் எதிர்ப்பக்கம் போய், மனதிலிருந்து சொல்லாமல், சுவரைப் பார்த்தே நம்பரை அழுத்த வேண்டும். அழுத்தினார். எடுத்தது யாரோ! ஓர் இலக்கம் மாறியிருந்தது. சாக்பீஸ்தானே... ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திருத்தினார்கள். அதன் பிறகுதான் பிரஷ் பெயின்ட்டில் இறங்கியது.