முடிவுரையில் முன்னுரை எதற்கு?

இலக்கியக் கட்டுரையில் ‘இவ்வாறாக’ என்ற சொல்லோடு ஒரு பத்தி தொடங்கினால் அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரியும். முதல் பத்தியில் சொன்னது வினைமுற்றுகள் மட்டும் மாறி வரும். ‘காண்போம்’ என்றது ‘கண்டோம்’ ஆகியிருக்கும், ‘ஆராய்வோம்’ என்றது ‘ஆராய்ந்தோம்’ ஆகியிருக்கும்.

பழக்கம் பள்ளிக்கூடத்தில் வந்தது. முன்னுரை, நடுவில் உட்தலைப்புகள், கடைசியில் முடிவுரை என்று ஒரு சட்டகம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மழைநீர் சேகரிப்பு பற்றியோ சாலைப் பாதுகாப்பு பற்றியோ எழுதும்போது அது பெரிய கெடுதல் செய்வதில்லை. சொல்ல வேண்டியவை முன்பே தெரிந்தவை, கடைசியில் தொகுத்துச் சொன்னால் போதும். ஒரு கதையைப் பற்றி எழுதும்போதுதான் சட்டகம் காலை வாருகிறது. கதையை ஊன்றிப் படித்துக் கட்டுரை எழுதியவருக்கு, எழுதி முடிக்கும்போது தொடங்கியபோது தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லும் இடம் முடிவுரை. அங்கே முன்னுரையைத் திரும்ப எழுதினால், நடுவில் எழுதிய நான்கு பக்கத்தில் எதுவும் நடக்கவில்லை என்று எழுதியவரே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டே பார்க்கலாம். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ 1943இல் கலைமகளில் வந்த கதை. கல்லாய்க் கிடந்த அகலிகை ராமனின் காலடித் தூசு பட்டு எழுவதில் தொடங்கி, அதற்குப் பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள் என்று கேட்கிற கதை. ராமன் அவளைக் குற்றமற்றவளாகக் கொண்டு வணங்குகிறான். கோதமனும் தன் சாபத்தின் அவசரத்தை உணர்ந்து அவளை முழுக்க நம்புகிறான். ஆனாலும் ஊர்ப் பார்வையும் ரிஷிபத்தினிகளின் ஒதுக்கமும் அவளைக் குடைகின்றன. யார் எதைப் பேசினாலும் அதற்குள் இன்னொரு அர்த்தம் இருக்குமோ என்று நடுங்குகிறாள். வனவாசம் முடிந்து சீதையோடு வரும் ராமன் அவர்கள் குடிசைக்கு வருகிறான். பேச்சோடு பேச்சாகச் சீதை தீக்குளித்த செய்தியைச் சொல்கிறாள். ராமனா அதைக் கேட்டான் என்று அகலிகை பதறுகிறாள். கடைசியில் கோதமன் அவளை அணைக்கும்போது, அவன் உருவத்தில் வந்த இந்திரனே அவளுக்குத் தோன்றுகிறான். அவள் மறுபடி கல்லாகிறாள். கோதமன் துறவியாகிப் போய்விடுகிறான்.

இந்தக் கதை பற்றி ஒரு கல்லூரி மாணவி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முன்னுரையில் அவள் முன்வைக்கும் கருத்து இது: அகலிகை இரண்டாம் முறை கல்லாவது ராமனின் இரட்டை நீதிக்கு எதிரான மறுப்பு. நல்ல கருத்துத்தான். உடலில் மூன்று பகுதிகள். முதலாவது ராமன் அகலிகைக்குத் தந்த தீர்ப்பு. இரண்டாவது மீண்டு வந்த பிறகு அவளை விடாத அச்சமும், அந்த நாள்களில் கோதமன் அவளிடம் நடந்துகொண்ட விதமும். மூன்றாவது சீதை சொன்ன செய்தி. முடிவுரை இப்படி வருகிறது:

“இவ்வாறாக, ‘சாப விமோசனம்’ கதையில் புதுமைப்பித்தன் ராமனின் இரட்டை நீதியைச் சாடுகிறார் என்பதைக் கண்டோம். அகலிகைக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதி என்று ராமன் நடந்துகொண்டதால் அவள் மீண்டும் கல்லானாள். பெண்களைச் சந்தேகிக்கும் சமுதாயம் மாற வேண்டும் என்பதே சிறுகதை மன்னர் நமக்குக் கூறும் செய்தியாகும்.”

பிழையாக ஒரு வாக்கியமும் இல்லை. ஆனால் இதை வெட்டி முன்னுரைக்கு அடுத்து ஒட்டிப் பாருங்கள், அங்கேயும் பொருந்தும். உடலைப் படிக்காமலே எழுதக்கூடிய முடிவுரை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கடைசி வாக்கியத்தின் நோய் வேறு. கதையின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால், பெண்ணுக்கு நேர்ந்த அநீதியைச் சொல்கிற எந்தக் கதைக்கும் அது ஒட்டும். சமுதாயம் மாற வேண்டும் என்று சொல்ல அகலிகையைக் கல்லாக்கியிருக்க வேண்டியதில்லை. ‘சிறுகதை மன்னர்’ என்ற பட்டம் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் இடத்தை நிரப்புகிறது என்பதுதான் பதில்.

இதைத் திருத்த உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சொற்களில் கை வைக்கிறார்கள். ‘சாடுகிறார்’ என்பதை ‘கேள்விக்குள்ளாக்குகிறார்’ என்று மாற்றுவார்கள். பாரதி பாட்டு ஒன்றை இழுத்து வருவார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள், புதுமைப்பித்தன் இதற்கு முன்பே ‘அகல்யை’ என்று ஒரு கதை எழுதியிருக்கிறார் என்ற செய்தியை முடிவுரையில் வைப்பார்கள். செய்தி உண்மை, சுவையானதும் கூட. ஆனால் அந்தக் கதையோடு ஒப்பிட உடலில் ஒரு பத்தி தந்திருக்க வேண்டும். கடைசிப் பத்தியில் திடீரென்று வரும் புதுச் சான்றை வாசகர் எடைபோட வழியில்லை. முடிவுரைக்குப் புதிய சான்று ஆகாது, புதிய புரிதல் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பலர் ஒன்றும் புதிதாகச் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் புரிதலை எங்கே தேடுவது? உடலில் எழுதியவற்றில் முன்னுரையின் கருத்துக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்கிற செய்தி ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். எந்தக் கட்டுரையிலும் ஒன்றாவது இருக்கும். எழுதுகிறவருக்கு அது சங்கடம் தருகிற இடம், அதனால் வேகமாகக் கடந்துபோயிருப்பார்.

நம் மாணவியின் கட்டுரையில் அது கோதமன். ராமனின் இரட்டை நீதிக்கு மறுப்பு என்றால் அகலிகை ராமன் எதிரில் அல்லவா கல்லாகியிருக்க வேண்டும்? அப்படி நடக்கவில்லை. அவள் கல்லாகும்போது அவளைத் தொட்டுக்கொண்டிருப்பவன் கோதமன். அவன் திருந்தியவன், அவளைச் சந்தேகிக்காதவன், அந்த நேரத்தில் ஒரு தப்பும் செய்யாதவன். இரண்டாம் பகுதியில் மாணவியே இதை எழுதியிருக்கிறாள். கோதமனின் மாற்றத்துக்கு அங்கே அரைப் பத்தி தந்துவிட்டு, கல்லாகும் காட்சிக்கு வரும்போது அவனை மறந்து ராமனைப் பிடித்துக்கொண்டாள். முன்னுரையின் கருத்து பொய் இல்லை, கதையின் கடைசிக் காட்சிக்கு அது போதவில்லை.

போதாமையைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. மீதி, அதற்கு விளக்கம் தேடுவது. ராமன் ஒருத்திக்குக் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னவன். அவனே இன்னொருத்தியிடம் சான்று கேட்டான். அப்படியென்றால் தீர்ப்புச் சொன்னவர் எவரும் நாளைக்கு மறுபடி கேட்கலாம். கோதமன் கேட்கவில்லை என்பது இன்றைய நிலவரம் மட்டுந்தான். இப்படி யோசித்துக்கொண்டு போனால், அகலிகையிடம் உடைந்தது ராமன் மேல் இருந்த மதிப்பு மட்டும் இல்லை, மன்னிப்பு என்ற ஏற்பாட்டின் மேல் இருந்த நம்பிக்கையே என்ற இடத்துக்கு வந்து சேர்வோம். இதை முன்னுரையிலேயே சொல்லியிருக்க முடியாது. சொல்லியிருந்தாலும் மூன்று பகுதிகளையும் படிக்காத வாசகருக்கு விளங்கியிருக்காது.

இனி எழுதிப் பார்க்கலாம்:

“ராமன் கேட்ட ஒரு கேள்வி அகலிகையைக் கல்லாக்கியது என்று சொன்னால் கதையின் கடைசிக் காட்சி மிச்சப்படுகிறது. அவள் கல்லாவது கோதமனின் அணைப்பில். அவனோ அவளை எதுவும் கேட்காதவன். அவள் குற்றமற்றவள் என்று முதலில் சொன்ன ராமனே சீதையிடம் சான்று கேட்டுவிட்ட பிறகு, கேட்காத கணவனின் நம்பிக்கையும் அவளுக்குப் பிடிமானமாக இல்லை. மன்னிக்க உரிமை உள்ளவருக்கு மறுபடி விசாரிக்கவும் உரிமை இருக்கிறது. முதல் முறை பிறர் சொல்லால் கல்லானவள், இரண்டாம் முறை எவர் சொல்லும் எட்டாத இடத்துக்குப் போகிறாள். எழுப்ப வந்த ராமன் கதையில் இருக்கும்போதே அவள் கல்லாகிவிடுவதால், இனி எழுப்ப யாரும் வரப்போவதில்லை.”

முன்னுரையின் கருத்து முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் அது போதவில்லை என்று சொல்வதற்காகவே வருகிறது. வாசகருக்குத் தொடக்கத்தை நினைவூட்டும் வேலையும் அதிலேயே முடிந்தது, தனியாகத் தொகுப்பு தேவையில்லை. இரண்டாவது வாக்கியம் துருத்தி நின்ற செய்தியைத் தூக்கி நடுவில் வைக்கிறது. விளக்கம் நான்கிலும் ஐந்திலும் இருக்கிறது. ஐந்தாவதுதான் மிகப் பொதுவான வாக்கியம், கதைக்கு வெளியேயும் செல்லும். ஆனால் முன்னும் பின்னும் கதையின் செய்திகள் இருப்பதால் அது உபதேசமாக ஒலிக்கவில்லை. அதையே கடைசி வாக்கியமாக வைத்திருந்தால் நாட்காட்டித் தாளில் அச்சிடும் பொன்மொழி ஆகியிருக்கும். பொதுக்கருத்தை நடுவில் வைத்துக் கதைக்குத் திரும்பி முடிப்பது என் விருப்பம். எல்லோரும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

அளவும் ஒரு விஷயம். ஆயிரம் சொல் கட்டுரைக்கு முடிவுரை நூறு சொல்லைத் தாண்டினால் அது பெரும்பாலும் இன்னொரு உடல் பகுதியாக மாறத் தொடங்கியிருக்கும். மேலே உள்ள பத்தியில் தமிழ்ப் பெண்களின் நிலை, இதிகாச மறுவாசிப்பு என்று எதுவும் இல்லாததைக் கவனிக்கலாம். மூன்று பகுதிகளில் ஒரு கதையைப் பார்த்துவிட்டு ஒரு நூற்றாண்டு இலக்கியம் பற்றித் தீர்ப்புச் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

இப்படி ஒரு முடிவுரை அமைந்துவிட்டால் கட்டுரையின் மற்ற இடங்களுக்கும் வேலை வரும். கோதமனைப் பற்றிய அரைப் பத்தி இனிப் போதாது. அவன் சந்தேகிக்காதவன் என்பதற்குக் கதையிலிருந்து இரண்டு இடங்களையாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் முடிவுரை அந்தரத்தில் நிற்கும். முன்னுரையைத் தொடலாமா என்பதில் இரண்டு பழக்கங்கள் உண்டு. கண்டுபிடித்ததை முன்னுரைக்கே கொண்டுபோய்ப் பெரிய கருத்தாக அறிவித்துவிடுவது ஒன்று. ஆய்வேட்டுக்கு அது சரி, மேற்பார்வையாளர் முதல் பக்கத்திலேயே விடையைக் கேட்பார். இதழுக்கோ வகுப்புக்கோ எழுதுகிற கட்டுரைக்கு முன்னுரையைக் குறுகலாகவே விட்டுவைப்பது நல்லது. ஆனால் ‘ராமனின் இரட்டை நீதிக்கு எதிரான மறுப்பு’ என்று அடித்துச் சொல்லாமல், ‘முதல் பார்வையில் மறுப்பாகத் தெரிகிறது’ என்று ஒரு சந்து வைத்துவிட வேண்டும்.

தேர்வுக்கூடத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். உண்மைதான், அங்கே கண்டுபிடிப்பு தானாக வரும் என்று காத்திருக்க முடியாது. எழுதத் தொடங்கும் முன்பே கதையின் கடைசிக் காட்சியில் யார் யார் இருக்கிறார்கள், யாரைப் பற்றி நம் கருத்து ஒன்றும் சொல்லவில்லை என்று விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். குறித்த அந்தப் பெயரை உடலில் ஒருமுறை தொட்டுவிட்டு முடிவுரைக்கு மிச்சம் வைத்தால் போதும்.

மாணவியின் புது முடிவுரைக்கும் ஆட்சேபம் உண்டு. அவள் கோதமனிடம் இந்திரனைக் காண்கிறாளே, பழைய காயம்தான் அவளைக் கல்லாக்கியது, மன்னிப்பு பற்றிய தத்துவம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கதையைத்தான் திறக்க வேண்டும்: அந்தக் காயம் அத்தனை காலம் அவளைக் கல்லாக்காமல், சீதை வந்துபோன பிறகு ஏன் கல்லாக்கியது? முதல் முடிவுரையோடு இப்படி யாரும் வாதாட முடியாது. அதில் வாதாட ஒன்றும் இல்லை.