கயிறு இறுகும் கணத்தில் எந்தக் கணக்கு?

பழனி மலைக் கோயிலுக்குப் படியேற முடியாதவர்களுக்காக 1966-ல் விஞ்ச் ஓடத் தொடங்கியது. ரோப் கார் வந்தது 2004-ல். ரோப் கார் அந்தரத்தில் தொங்கிப் போகும். விஞ்ச் தண்டவாளத்தில் ஏறும். கயிறு, அதைச் சுற்றும் டிரம், சரிவில் ஒரு பெட்டி என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டால், பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் சுழற்சிக் கணக்கு கண்ணெதிரே கிடைக்கிறது. ஆற்றல் வழியா, திருப்பு விசை வழியா, கோண உந்த வழியா என்ற கேள்விக்கு வகுப்பறைகளில் சொல்லப்படும் பதில் பெரும்பாலும் பொருளை வைத்தே இருக்கும்: கப்பி என்றால் திருப்பு விசை, உருளும் பந்து என்றால் ஆற்றல், சுழலும் மேசை என்றால் கோண உந்தம். இது தவறான பழக்கம். ஒரே விஞ்ச், ஒரே கயிறு. ஆனால் அடுத்தடுத்த இரண்டு கணங்களுக்கு இரண்டு வழிகள் வேண்டியிருக்கின்றன. எது கேட்கப்படுகிறது, எது நமக்குத் தெரியாது என்ற இரண்டும்தான் வழியைத் தீர்மானிக்கின்றன.

கணக்குக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். இவை பழனியின் அளவுகள் அல்ல. பெட்டி 4000 கிலோ. சரிவு 30 பாகை. டிரம் 2000 கிலோ எடையும் 1 மீட்டர் ஆரமும் கொண்ட திண்மத் தட்டு; எனவே அதன் நிலைமத் திருப்புத்திறன் 1000 கிலோ மீட்டர்². புவியீர்ப்பு முடுக்கம் 10. கயிறு நடுவில் கப்பி எதுவும் இல்லாமல் நேராக டிரம்முக்குப் போகிறது. மோட்டார் இணைப்பு துண்டிக்கப்பட்டு, பிரேக்கும் விடப்பட்டு, பெட்டி தானாகக் கீழே இறங்குகிறது என்று வையுங்கள். சரிவில் 18 மீட்டர் போனதும் வேகம் என்ன? தூரம் கொடுத்து வேகத்தைக் கேட்கிறார்கள். நேரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்த இடத்தில் ஆற்றல் வழி இரண்டே வரியில் முடிந்துவிடும். பெட்டி 9 மீட்டர் உயரம் இழக்கிறது, அதாவது 3,60,000 ஜூல். அது பெட்டியின் ஓட்டத்துக்கும் டிரம்மின் சுழற்சிக்கும் பங்காகிறது. கயிற்றின் வேகமும் டிரம் விளிம்பின் வேகமும் ஒன்றே என்பதால், டிரம் இங்கே விளிம்பில் ஒட்டிய கூடுதல் 1000 கிலோ போலவே நடந்துகொள்கிறது. ஆக 5000 கிலோவின் இயக்க ஆற்றல் 3,60,000. வேகம் விநாடிக்கு 12 மீட்டர். கயிற்றின் இழுவிசை எவ்வளவு என்று நாம் கேட்கவும் இல்லை, தெரிந்துகொள்ளவும் இல்லை. ஆற்றல் வழியின் பலமும் குறையும் அதுவே.

கயிறு தாங்குமா என்று கேட்டால் கதை மாறுகிறது. இழுவிசை பெட்டிக்கும் டிரம்முக்கும் இடையிலான உள்விசை. மொத்த ஆற்றல் கணக்கில் அது கழிந்துபோகும். அதை வெளியே கொண்டுவரப் பெட்டியையும் டிரம்மையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சரிவு வழியே பெட்டியை இழுப்பது 20,000 நியூட்டன். அதை 5000 கிலோவால் வகுத்தால் முடுக்கம் 4. டிரம்மைச் சுழற்ற வேண்டிய திருப்பு விசை 1000 × 4, ஆகவே இழுவிசை 4000 நியூட்டன். 18 மீட்டருக்கு எடுக்கும் நேரம் 3 விநாடி, அப்போது வேகம் அதே 12. இந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் பிழை, பெட்டியை இழுக்கும் 20,000-ஐயே இழுவிசையாக எழுதிவிடுவது. கண்டுபிடிப்பது எளிது: அப்படி எழுதினால் டிரம் விளிம்பின் முடுக்கம் 20 என்று வரும், செங்குத்தாக விழும் கல்லின் முடுக்கத்தைப் போல் இரண்டு மடங்கு.

மூன்றும் நியூட்டன் விதியிலிருந்து வந்தவைதானே, எதை எடுத்தாலும் ஒரே விடைதானே என்று கேட்கலாம். மேலே பார்த்த இறக்கத்துக்கு அது சரி. உராய்வு வந்தால் ஆற்றல் வழி செல்லாது என்பார்கள். அது அவ்வளவு சரியில்லை. பிரேக் கொடுக்கும் திருப்பு விசை தெரிந்திருந்தால், அதைச் சுழன்ற கோணத்தால் பெருக்கிக் கழித்துவிடலாம். எத்தனை சுற்றில் நிற்கும் என்ற கேள்விக்கு இன்றும் அதுவே குறுக்கு வழி. ஆற்றல் வழி உண்மையில் கைவிடுவது இழப்பு இருக்கும்போது அல்ல, இழப்பின் அளவு தெரியாதபோது.

அப்படி ஒரு கணம் கீழ் நிலையத்தில் இருக்கிறது. பெட்டி தடுப்பின் மேல் சாய்ந்து நிற்கிறது, கயிறு சற்றுத் தொய்ந்திருக்கிறது. டிரம் விநாடிக்கு 5 ரேடியன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, மோட்டார் கழன்றுவிடுகிறது. உடனே கயிறு வெடுக்கென்று இறுகுகிறது. அந்தக் கணத்தில் இழுவிசை எப்படி ஏறி இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. எனவே திருப்பு விசைச் சமன்பாட்டில் எழுத ஒன்றும் இல்லை. கயிறு நீண்டு, அதிர்ந்து, சூடாகி எவ்வளவு விழுங்கியது என்பதும் தெரியாது, ஆற்றலும் கைவிட்டது. டிரம் அச்சைப் பற்றிய கோண உந்தம் மட்டும் கிட்டத்தட்ட மாறாது, ஏனென்றால் பேரிங் தரும் விசை அச்சின் வழியே போகிறது. முன்பு 5000. பின்பு டிரம்மும் பெட்டியும் சேர்ந்து 5000 கிலோ மீட்டர்². ஆகவே விநாடிக்கு 1 ரேடியன். இயக்க ஆற்றல் 12,500 ஜூலிலிருந்து 2,500 ஆகிவிட்டது. ஐந்தில் நான்கு பங்கு காணாமல் போனது.

இறுகிய பிறகு பெட்டி எவ்வளவு மேலேறி நிற்கும்? இப்போது மறுபடி ஆற்றலுக்குத் திரும்பலாம்: 2,500-ஐ 20,000-ஆல் வகுத்தால் 12.5 செ.மீ. தொடக்கத்திலிருந்தே ஆற்றலைப் பிடித்துக்கொண்டவருக்கு 62.5 செ.மீ. வரும். கணக்கு சுத்தமாகத் தெரியும், விடை ஐந்து மடங்கு பிசகியிருக்கும். ஒரே கணக்குக்குள் கணம் மாறும்போது வழியும் மாற வேண்டும் என்பதை மாணவர்கள் ஏனோ குற்றமாகவே நினைக்கிறார்கள்.

கோண உந்தத்துக்கும் எல்லை உண்டு. அந்த வெடுக்குக் கணத்தில் ஈர்ப்பையும் விட்டுவிட்டோம். கயிறு பெட்டிக்குக் கொடுத்த கணத்தாக்கு 4000 நியூட்டன்-விநாடி. இறுக்கம் 0.01 விநாடி நீடித்தால் ஈர்ப்பின் பங்கு 200, அதாவது 5 விழுக்காடு, பொறுத்துக்கொள்ளலாம். 0.1 விநாடி என்றால் 2000. அப்போது கோண உந்தம் மாறவில்லை என்று எழுதுவது கண்மூடித்தனம்.

இன்னொரு பொறி பல்சக்கரத்தில் இருக்கிறது. மோட்டார் கழலாமல், மின்சாரம் மட்டும் போய், பல்சக்கரத்தின் வழியே டிரம்மோடு சுற்றிக்கொண்டிருந்தது என்றால், அதன் சுழலி 2 கிலோ மீட்டர்² மட்டுமே கொண்டதாக இருந்தாலும், டிரம்மைவிட 20 மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. இரண்டின் கோண உந்தங்களையும் கூட்டிப் போடக் கை துறுதுறுக்கும். கூட்டினால் இறுகியபின் வேகம் 1.03 ரேடியன் என்று வரும். சரியான விடை 1.55. பல்சக்கரப் பெட்டி தரையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. அந்த போல்ட்டுகள் வெளியிலிருந்து திருப்பு விசை கொடுக்கின்றன, எனவே மொத்தக் கோண உந்தம் மாறாமல் இருக்காது. இயக்க ஆற்றலைச் சமமாக வைத்துச் சுழலியை டிரம் பக்கம் கொண்டுவந்தால், 20-இன் வர்க்கத்தால் பெருகி 800 ஆகிறது. டிரம்மின் 1000 இப்போது 1800. அந்த 1800-இன் மேல் கயிற்றின் கணத்தாக்கை எழுதினால் 9000-ஐ 5800-ஆல் வகுக்க வேண்டியதுதான்.