சென்டில் பத்திரம், ஏரில் பட்டா

கர்ணம் கணக்கு எழுதிய காலத்தில் நிலத்தை அளந்தது சங்கிலி. நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். இந்தக் கண்ணியைத்தான் சர்வேயர்கள் ‘லிங்க்’ என்பார்கள். ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் கொண்ட சதுரம் 4,356 சதுர அடி, அதாவது 10 சென்ட். அப்படிப் பத்துச் சதுரம் சேர்ந்தால் ஒரு ஏக்கர். சென்டுக்கு 435.6 சதுர அடி என்ற கோணல் எண் வந்தது இப்படித்தான். சங்கிலியோடு வயலில் நின்றவருக்கு அது கோணலே இல்லை.

கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது. அந்தப் பத்தாண்டில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், ஊரார் ‘யுடிஆர்’ என்பது, பட்டாவை ஹெக்டேருக்கும் ஏருக்கும் மாற்றியது. பத்திரமோ சென்டிலேயே நின்றுவிட்டது. விலை பேசுவதும் இன்றுவரை சென்டில்தான். ஒரே நிலத்துக்கு இரண்டு மொழி. இடையில் மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் தரகர்.

இன்று சிட்டாவைக் கைபேசியிலேயே எடுத்துவிடலாம். பரப்பு என்ற இடத்தில் ‘0 - 04.50’ என்று இருக்கும். கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஆக இந்த நிலம் 450 சதுர மீட்டர், 11.12 சென்ட். இதை நாலரை சென்ட் என்று படித்து விற்றுவிடுகிறவரும் உண்டு, 0.45 ஹெக்டேர் என்று எண்ணி ஒரு ஏக்கர் 11 சென்டுக்கு விலை பேசுகிறவரும் உண்டு. பழைய புலப்படத்திலும் அந்தச் சங்கிலிக் கண்ணி இருக்கிறது. அதில் 150 என்று எழுதியிருப்பது லிங்க்காக இருந்தால் 99 அடிதான். மீட்டராக இருந்தால் 492 அடி. படம் எந்த அளவில் வரையப்பட்டது என்று தெரியாமல் வேலி போடக் கூடாது.

இவை பெரிய பிழைகள் என்பதால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்குப் பயம் சின்னப் பிழையில்தான். ‘ஒரு ஏர் இரண்டரை சென்ட்’ என்ற வாய்க்கணக்கு எல்லாத் திண்ணையிலும் ஓடுகிறது. சரியான எண் 2.471. இந்தச் சிறு வித்தியாசம் பாகப்பிரிவினையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

தாத்தா வாங்கிய பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட். பட்டாவில் 0 - 48.50. 120 சென்ட் என்பது 4,856 சதுர மீட்டர். பட்டா காட்டுவது 4,850. அரை ஏருக்குத் திருத்தி எழுதியதில் ஆறு சதுர மீட்டர் போயிற்று, இதற்காகச் சண்டை போட வேண்டாம். மூன்று பிள்ளைகள் பட்டாவை வைத்துப் பிரிக்கிறார்கள். 48.50-ஐ இரண்டரையால் பெருக்கினால் 121.25 சென்ட் வருகிறது. ஆளுக்கு 40.42 சென்ட் என்று பத்திரம் எழுதிப் பதிவும் செய்தாயிற்று.

மூத்தவர் தன் பங்கை அளந்து கல் நடுகிறார். 40.42 சென்ட் என்றால் 1,635.7 சதுர மீட்டர். நடுப்பிள்ளையும் அவ்வளவே எடுத்துக்கொள்கிறார். கடைசித் தம்பி உட்பிரிவுக்கு மனுப் போடும்போது, 4,850-இல் மீதி 1,578.5 சதுர மீட்டர். அது 39 சென்ட்தான். அண்ணன்களைவிட 1.41 சென்ட், சுமார் 615 சதுர அடி குறைவு. ஒரு சிறிய வீடே கட்டலாம். யாரும் ஏமாற்றவில்லை, இல்லாத 1.4 சென்டைப் பங்குபோட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் இளையவர் அப்படி நம்பப் போவதில்லை.

பத்திரத்தின் 120 சென்டையே நேராக மூன்றாக்கி ஆளுக்கு 40 என்று எழுதியிருந்தால் தம்பிக்குக் குறைவு வெறும் 0.15 சென்ட். அதையும் விடாமல், பட்டாவின் 4,850-ஐயே சதுர மீட்டரில் பிரித்தால் ஆளுக்கு 1,616.67. இதை முதலில் எழுதி, பக்கத்தில் ‘அதாவது 39.95 சென்ட்’ என்று போட்டால் மூவரும் சமம். சென்டை ஏராக்க 2.471-ஆல் வகுக்கலாம். என் பழக்கம், எதையும் முதலில் சதுர மீட்டருக்குக் கொண்டுவந்து 40.4686-ஆல் வகுத்துச் சென்டாக்குவது. சதுர அடிக்கு 10.764-ஆல் பெருக்க வேண்டும். மீட்டருக்கு 3.28 அடி என்ற நினைவில் பரப்பையும் 3.28-ஆல் பெருக்கினால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மறைந்துவிடும்.

இதெல்லாம் காகிதத்துக் கணக்கு. வரப்பு பல காலமாக நகர்ந்திருந்தால் தரையில் 4,850 இருக்காது. 4,790 இருக்கலாம். அப்போது எந்த வாய்ப்பாடும் உதவாது. சர்வேயரை வைத்து அளந்து, கிடைத்த எண்ணைப் பிரித்து, அதற்கு வரைபடம் போட்ட பிறகுதான் பத்திர எழுத்தரிடம் போக வேண்டும். நம் ஊரில் முதலில் பத்திரம் பதிவாகிறது, அப்புறம்தான் சர்வேயர் வருகிறார்.