ஒரு பவுன் சங்கிலியை மறுநாளே விற்றால்?

குமணன்சாவடிப் பக்கம் நகைக்கடைக்குள் நுழைபவர்கள் முதலில் கேட்பது அன்றைய கிராம் விலையை. சேமிப்புக்காக வாங்குகிறவர் கேட்க வேண்டியது வேறு: இதையே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?

கணக்குக்கு வசதியாக 22 கேரட் கிராம் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சங்கிலி 80,000 ரூபாய். சேதாரம் 12 சதவீதம் என்றால் 9,600. மொத்தத்துக்கும் 3 சதவீத ஜிஎஸ்டி 2,688. பில் தொகை 92,288 ரூபாய். விற்கப் போனால் சேதாரமும் வரியும் திரும்பி வராது. தங்க மதிப்பில் 2 சதவீதம் கழிக்கும் கடையில் 78,400 கிடைக்கும். தங்கம் ஏறத்தாழ 18 சதவீதம் ஏறிய பிறகுதான் போட்ட முதலே கைக்கு வரும்.

அராவும்போதும் மெருகிடும்போதும் உதிரும் பொடிக்காக ஏற்பட்டதுதான் சேதாரம். அந்தப் பொடியும் வீணாவதில்லை. பட்டறையைப் பெருக்கிய தூசியிலிருந்துகூடத் தங்கத்தைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். மெஷினில் செய்த எளிய சங்கிலிக்கு வேலைப்பாடும் குறைவு. ஆகவே சேதாரத்தைக் குறைத்துக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. கல் வைத்த நகையென்றால், கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட்டிருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள்.

விற்கும்போது நகையை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைப்பார்கள். உள்ளே எக்ஸ்ரே பட்டதும் தங்கம், செம்பு, வெள்ளி ஒவ்வொன்றின் அணுவும் தனக்கே உரிய ஆற்றலில் ஒரு கதிரை உமிழும். எது எவ்வளவு வருகிறது என்பதைக் கொண்டு, நகையைக் கீறாமலே கருவி தரத்தைச் சொல்லிவிடும். அழகான அறிவியல்தான்; ஆனால் அந்தக் கதிர் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு போன்ற மெல்லிய மேற்பரப்பிலிருந்துதான் வெளியே வர முடியும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. கனமான முலாம் அதை ஏமாற்றிவிடும். பழைய நகையை உருக்கிப் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்வது அதனால்தான். உருக்கினால் உள்ளும் புறமும் ஒன்றாகக் கலந்து, உண்மையான தரம் தெரியும்.

புது நகையில் இந்தச் சந்தேகம் குறைவு. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை விற்கும்போது ஆறு இலக்க HUID குறியீடு இருக்க வேண்டும். பூதக்கண்ணாடியில் அதைப் படித்து BIS Care செயலியில் தட்டினால் நகையின் வகையும் தரமும் வரும். கையிலிருப்பது வளையல், திரையில் மோதிரம் என்றால் வாங்காதீர்கள்.

அணியும் எண்ணம் இல்லாதவருக்கு கோல்டு இடிஎஃப் மலிவு. சேதாரம் இல்லை, லாக்கர் வாடகை இல்லை. ஆண்டுக்கு ஒரு சிறு நிர்வாகக் கட்டணம் உண்டு. அரசின் தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியாகவில்லை. ஆனால் மருத்துவச் செலவு திடீரென்று வந்தால், இடிஎஃப்பைக் கொண்டுபோய் நகைக்கடன் வாங்க முடியாது. சங்கிலியை வைத்து அன்றைக்கே பணம் வாங்கி, பிறகு மீட்டுக்கொள்ளலாம். அந்த அவசரத்துக்காக மட்டும் சேதாரம் குறைந்த, கல் இல்லாத நகையை வைத்துக்கொண்டு, மீதிச் சேமிப்பை இடிஎஃப்பில் போடுவதே என் கணக்கில் சரி.