நீர் உறையும்போது தடுமாறும் சுருக்கம்

வெப்ப இயக்கவியல் பாடத்தைப் படித்து முடித்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சுருக்கம் எழுதுகிறார்கள்: “என்ட்ரோபி என்பது ஒழுங்கின்மையின் அளவு, அது எப்போதும் கூடும்.” படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பாடம் உண்மையிலேயே அதில் இருக்கிறதா என்று அறிய, புத்தகத்தை மூடிவிட்டு, ‘ஒழுங்கின்மை’ என்ற சொல்லைத் தொடாமல், சாதாரணப் பேச்சில் உங்களுக்கு நீங்களே விளக்கிப் பாருங்கள். அந்த விளக்கத்தைக் கொண்டு ஃப்ரீசரில் நீர் ஏன் உறைகிறது என்று சொல்ல முயலுங்கள்.

இங்கேதான் சிக்கல் வரும். திரிந்துகொண்டிருந்த நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் வரிசையாக அமர்ந்துவிடுகின்றன. நீரின் என்ட்ரோபி குறைகிறது. “எப்போதும் கூடும்” என்ற சுருக்கம் இதற்குப் பதில் சொல்லாது.

பதில், உறையும் நீர் வெளியே தள்ளும் வெப்பத்தில் இருக்கிறது. 0 டிகிரியில் ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 334 ஜூல் வெப்பம் வெளியேறும். வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி மாற்றம் கிடைக்கும். நீர் இழப்பது 334ஐ 273ஆல் வகுத்த அளவு, ஏறக்குறைய 1.22. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில், அதாவது 255 கெல்வினில் இருந்தால், அங்குள்ள காற்று பெறுவது 1.31. வரவு செலவைவிட அதிகம். ஆகவே நீர் உறைகிறது. இதே வெப்பத்தை 300 கெல்வின் சூடுள்ள அறைக்குக் கொடுத்தால் அறை பெறுவது 1.11தான். இழப்பை ஈடுகட்டப் போதாது. அதனால் அறையில் வைத்த நீர் தானாக உறைவதில்லை. சுருக்கம் தவறவிட்டது ‘மொத்தம்’ என்ற ஒரே சொல்லை. அது இல்லாமல் விதியே இல்லை.

இன்னொரு கேள்வியும் மிச்சமிருக்கிறது: மொத்தம் ஏன் கூட வேண்டும்? ஒரு பெட்டியில் பத்து வாயு மூலக்கூறுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் இடப்பாதியிலோ வலப்பாதியிலோ இருக்கலாம். மொத்தம் 1024 அமைப்புகள். எல்லாமே இடப்பக்கம் இருப்பதற்கு ஒரே வழி. பாதிக்குப் பாதி பிரிவதற்கு 252 வழிகள். எந்த விசையும் அவற்றைப் பரப்பவில்லை. பரவிய நிலைக்கு வழிகள் அதிகம், அவ்வளவுதான். லுட்விக் போல்ட்ஸ்மானின் வியன்னா கல்லறையில் பொறித்திருக்கும் S = k log W என்ற சூத்திரத்தில் W குறிப்பது இந்த வழிகளின் எண்ணிக்கையைத்தான்.

இப்போது சுருக்கத்தைத் திருத்தலாம்: “வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தோன்றும் நிலைக்கு உள்ளே எத்தனை அமைப்புகள் சாத்தியம் என்பதைக் காட்டும் அளவு என்ட்ரோபி. ஒரு பொருளில் அது குறையலாம். பொருளையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்த மொத்தம் குறையாது.” இது முதல் சுருக்கத்தைவிட நீளம்தான். ஆனால் ஃப்ரீசருக்கும் அறைக்கும் ஒருசேரப் பதில் சொல்கிறது.

ஓர் எச்சரிக்கை. சரளமாகப் பேச வருவதே புரிந்ததற்கு அடையாளம் ஆகாது. கேள்வி பாடத்தில் இல்லாததாக இருக்க வேண்டும். அடுத்து, எண்ணெயும் நீரும் கலக்காமல் தனித்தனியாகப் பிரிவதை உங்கள் சுருக்கத்தைக் கொண்டு விளக்கிப் பாருங்கள்.