ஒன்பதுக்குப் படுத்து பதினொன்றுக்குத் தூங்கும் பிள்ளை

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு எங்கள் மழலையர் பள்ளியில் பெற்றோருக்காக ஒரு பயிலரங்கு நடத்துகிறோம். பேச்சு முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் இரவுத் தூக்கத்தைப் பற்றித்தான். 12 மணிக்கு முடித்துவிடுவோம். அதற்கு மேல் இழுத்தால் பிள்ளைகளின் மதியத் தூக்கம் தள்ளிப்போய், அன்றைய இரவை நாங்களே கெடுத்ததாகிவிடும்.

அழைப்பிதழோடு ஒரு தாளும் கொடுத்தனுப்புகிறோம். அதில் ஏழு நாளுக்கு ஏழு வரிகள். விளக்கை அணைத்த நேரம், பிள்ளை உண்மையில் தூங்கிப்போன நேரம், காலையில் எழுந்த நேரம், பகலில் தூங்கிய நேரம் என்று ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டங்கள். பயிலரங்குக்கு வருகிறவர்கள் வேறு எதையும் கொண்டுவர வேண்டாம், இந்தத் தாள் போதும். ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு, போன வருடம் என் எல்.கே.ஜி. வகுப்பில் இருந்த நான்கு வயதுப் பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு, மற்றப் பிள்ளைகள் களிமண் உருட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் மேஜையில் கன்னத்தை வைத்து வாயைத் திறந்தபடி தூங்குவாள். கையில் களிமண் அப்படியே இருக்கும். அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். “ஒம்போது மணிக்கே படுக்க வச்சிடறேன் டீச்சர். பதினோரு மணி வரைக்கும் ஆட்டம்தான். தண்ணி வேணும்பா, ஒண்ணுக்குப் போகணும்பா, கால் வலிக்குதும்பா. கடைசியில ஒரு அடி வச்சாத்தான் அழுதுட்டே தூங்கறா” என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு வாரம் எழுதிவரச் சொன்னேன். விளக்கு அணைத்தது எல்லா நாளும் 9 மணி. தூங்கியதோ 10.30, 10.50, 10.40, 10.20, 10.45, வெள்ளி இரவு 11.15, சனி இரவு 11. கூட்டி வகுத்தால் ஏறக்குறைய 10.45. பள்ளி நாட்களில் 6.45-க்கு எழுப்பிவிடுகிறார்கள். ஞாயிறன்று 9 மணி வரை தூங்க விடுகிறார்கள். பள்ளி 1 மணிக்கு விட்டதும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, டி.வி. பார்த்து, 3 மணிக்குப் பாட்டியோடு படுத்தால் 5.15 வரை தூக்கம்.

இப்போது கணக்குப் பாருங்கள். இரவு 8 மணி நேரம், பகலில் 2.15 மணி நேரம், ஆக 10.15 மணி நேரம். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கில் இவள் கீழ்க்கோட்டை ஒட்டியாவது வந்துவிடுகிறாள். அவளுடைய தூக்கத்தின் அளவைவிட அது விழுந்த இடம்தான் சிக்கல்: ஒரு நல்ல பங்கு சாயங்காலத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

தூக்கம் வருவதற்கு உடம்பில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர் 1982-இல் இந்த இரண்டையும் சேர்த்து விளக்கினார். ஒன்று, தூக்கப் பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறிக்கொண்டே போகும், தூங்கினால் இறங்கும். சாயங்காலம் 5.15-க்கு எழுந்த பிள்ளையை 9 மணிக்குப் படுக்க வைப்பது, நாலு மணிக்கு வடையும் பாயசமும் சாப்பிட்ட பிள்ளையை ஆறு மணிக்கு இலை போட்டு உட்கார வைப்பது மாதிரி. பசி வந்திருக்காது.

இரண்டாவது, உடலின் கடிகாரம். இது பசியைப் பார்ப்பதில்லை, நேரத்தைப் பார்க்கிறது. வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு முந்தைய ஓரிரண்டு மணி நேரத்தில் இந்தக் கடிகாரம் உடம்பை நன்றாக விழிக்க வைக்கிறது. இஸ்ரேலின் பெரெட்ஸ் லாவி 1980-களில் பெரியவர்களைச் சோதித்துப் பார்த்து, அந்த வேளையில் படுத்தாலும் தூக்கம் உள்ளே நுழைவது கடினம் என்று காட்டினார். “ராத்திரி ஆனா இதுக்கு எங்கிருந்துதான் தெம்பு வருமோ” என்று வீட்டில் சொல்கிறோமே, அது இந்த வேளைதான். இந்தப் பெண்ணின் கடிகாரம் 10.45-க்கு என்று பழகிவிட்டது. அம்மா 9 மணிக்குப் படுக்க வைத்தபோது, நாளிலேயே தூக்கம் நுழையக் கடினமான வேளையில் பாயில் கிடத்தியிருக்கிறார். அவள் அடம் பிடித்தாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தூக்கம் வராத உடம்பை வைத்துக்கொண்டு ஒரு நான்கு வயதுப் பிள்ளை இருட்டில் வேறு என்ன செய்வாள்? தினமும் ஒன்றே முக்கால் மணி நேரம் இப்படிப் போனால், பாய் என்றாலே சண்டைக்கான இடம் என்று மனதில் பதிந்துவிடும்.

இதற்குச் செய்யும் வைத்தியம் கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும். முதலில் படுக்கும் நேரத்தைத் தள்ளி வைக்க வேண்டும். அம்மாவிடம், “இன்னிலேருந்து 10.45-க்குப் படுக்க வையுங்க” என்றபோது அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாயில் விழுந்ததும் தூங்கிப்போவது என்ற அனுபவத்தைப் பிள்ளைக்கு முதலில் திரும்பக் கொடுக்க வேண்டும். அது நிலைத்த பிறகு நேரத்தைக் கால் மணி கால் மணியாக முன்னே இழுத்துவரலாம்.

கூடவே இரண்டு விஷயங்களைக் கட்டிப்போட்டோம். காலையில் எழும் நேரம் ஏழு நாளும் 6.45. ஞாயிறு விதிவிலக்காக 7.15 வரை, அதற்கு மேல் இல்லை. ஒரே ஒரு ஞாயிறு 9 மணி வரை தூங்க விட்டாலும் கடிகாரம் பின்னால் ஓடிவிடும், திங்களன்று மறுபடி முதலிலிருந்து. மதியத் தூக்கத்தை 1.45-க்குக் கொண்டுவந்து 3 மணிக்கு எழுப்பினோம். இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம், ஏனென்றால் தூங்குகிற குழந்தையை எழுப்பப் பாட்டிக்கு மனம் வரவில்லை. “தூங்கற பிள்ளைய எழுப்பினா பாவம்மா” என்றார். பாட்டியையே பள்ளிக்கு வரவழைத்து, தாளில் இருந்த இரவுகளைப் படித்துக் காட்டினேன். ராத்திரி அடி வாங்கும் வரிகளைக் கேட்டதும் அவரே, “எழுப்பிடறேன்” என்றார். அதனால்தான் இந்த முறை அழைப்பிதழில், வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற தாத்தா பாட்டியையும் அழைத்துவாருங்கள் என்று எழுதியிருக்கிறோம்.

முதல் நான்கு நாட்கள் பெண் சிணுங்கிக்கொண்டேதான் இருந்தாள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மூன்றாவது இரவே, பாயில் போட்ட பதினைந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். மூன்று இரவுகள் தொடர்ந்து இருபது நிமிடத்துக்குள் தூங்கினால் நேரத்தைக் கால் மணி முன்னே நகர்த்தலாம், இல்லையென்றால் அங்கேயே நிற்கலாம் என்பது விதி. 10.30, 10.15 என்று வந்துகொண்டிருந்தபோது நடுவில் காய்ச்சல் வந்து ஒரு படி பின்னே போனோம். ஏறக்குறைய நான்கு வாரத்தில் 9.15-க்கு வந்து சேர்ந்தோம். 9 மணிக்கு நகர்த்தியபோது மறுபடி அரை மணி நேரம் புரண்டாள். ஆகவே 9.15-தான் அவளுடைய நேரம் என்று விட்டுவிட்டோம்.

படுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் தினமும் ஒரே வரிசையில் நடந்தது. கை கால் முகம் கழுவுதல், உடை மாற்றி ஒன்றுக்குப் போய் வருதல், பாய் விரித்ததும் ஒரு கதை, பிறகு விளக்கு அணைத்தல். நான்கே நான்குதான், அதுவும் இதே வரிசை. படுக்கும் நேரம் நகர நகர இந்த வரிசையும் கூடவே நகர்ந்தது. அமெரிக்காவின் ஜோடி மின்டெலும் அவருடைய குழுவும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஒரே வரிசையில் குளியல், எண்ணெய் தடவுதல், அமைதியான பொழுது என்று இருந்த குழந்தைகள் இரண்டே வாரத்தில் சீக்கிரம் தூங்க ஆரம்பித்தார்கள். இன்ன செயல் என்பதைவிட, ஒன்று முடிந்தால் அடுத்தது எது என்று பிள்ளைக்குத் தெரிந்திருப்பதுதான் வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

இந்த வீட்டில் அப்பா கடையை மூடிவிட்டு 9 மணிக்குத்தான் வருவார். வந்ததும் பெண்ணைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார். நாளெல்லாம் பார்க்காத மகளைக் கொஞ்சாதே என்று யார் சொல்ல முடியும்? கதை சொல்லும் வேலையை அவருக்குக் கொடுத்தோம். தூக்கிப் போட்டுப் பிடிப்பது காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன்னால் என்று மாறியது.

இரண்டாவது தொந்தரவு வெளிச்சம். இவர்களுடையது ஒரே அறை வீடு. பாட்டி சீரியல் பார்க்கும் டியூப் லைட்டுக்குக் கீழேதான் பாய். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 36 பேரை வைத்துச் செய்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மங்கலான வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கும் மெலடோனின் மிகவும் குறைந்துபோனது. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் சுரப்பு அது. சின்னக் கண்கள் பெரியவர்கள் கண்ணைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன. ஆகவே எட்டேகாலுக்கு டியூப் லைட்டை அணைத்து, ஜீரோ வாட் பல்பைப் போட்டார்கள். டி.வி.யைச் சுவர்ப்பக்கம் திருப்ப வழியில்லாததால் பாட்டி தன் சீரியலை மறுநாள் மதியம் போனில் பார்க்க ஒப்புக்கொண்டார்.

தனி அறை, தனிக் கட்டில் எதுவும் தேவைப்படவில்லை. அம்மாவின் பக்கத்தில் அதே பாயில்தான் இன்றும் தூங்குகிறாள். இரவு 9.30 முதல் காலை 6.45 வரை ஒன்பதேகால் மணி நேரம், மதியம் ஒன்றேகால். மொத்தம் பத்தரை. முன்பைவிடக் கால் மணி நேரம்தான் கூடியிருக்கிறது, ஆனால் களிமண்ணின் மேல் தூங்குவது நின்றுவிட்டது.

இந்த முறையை எல்லாப் பிள்ளைக்கும் வைத்துப் பார்க்கக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். சளி இல்லாத நாட்களிலும் பெரும்பாலான இரவுகளில் குறட்டை விடுகிற, மூச்சு நின்று நின்று வருகிற, வாயாலேயே மூச்சு வாங்குகிற பிள்ளையை முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூக்கின் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம். படுத்ததும் காலில் என்னமோ ஊர்கிறது, அமுக்கிவிடு என்று தினமும் கேட்டாலும் அப்படித்தான். இரும்புச்சத்துக் குறைவு இப்படிக் காட்டும். இந்தப் பெண்ணும் கால் வலி என்று சொன்னாளே என்று அவளுக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னோம். சத்து சரியாக இருந்தது. தூங்க வைக்கச் சளி மருந்து கொடுக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு, அதைச் செய்யாதீர்கள். பயிலரங்கின் கடைசி அரை மணி நேரம் ஒரு குழந்தை மருத்துவர் இருப்பார். இந்த அறிகுறி எதுவும் இருந்தால் தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள், அவர் தனியாகப் பார்ப்பார்.

தாளில் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுத வேண்டியதில்லை, கால் மணி கணக்கு போதும். அடித்தது, அழுதது எதையும் மறைக்காமல் எழுதுங்கள், யாரும் படித்துக் காட்டப்போவதில்லை. ஏழு நாள் முடியாவிட்டால் நான்கு நாள் இருந்தால்கூடப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் சனிக்கிழமை இரவையும், அதற்கு மறுநாள் காலை எத்தனை மணிக்கு எழுந்தான் என்பதையும் மட்டும் விடாமல் எழுதிக்கொண்டு வாருங்கள்.